தாமதப் பார்சலும் புகார் மடலும்

நம் சங்கங்களிலிருந்து கூரியர் நிறுவனங்களுக்குச் செல்லும் புகார் மடல்கள் இரண்டே வகையாக இருக்கின்றன. ஒன்று, படிப்பவர் முகத்தில் அறைவது போன்றது. மற்றொன்று, படிப்பவர் காலில் விழுவது போன்றது. முதல் வகையை எழுதுபவர் பெரும்பாலும் இளைய எழுத்தர். இரண்டாவதாக அதனைத் திருத்தி எழுதுபவர் அனுபவம் முதிர்ந்த தலைவர் அல்லது செயலாளர். இரண்டினாலும் பணம் திரும்பி வந்ததை நாம் கண்டதில்லை. கடுமையைக் குறைத்தால் பணிவு வந்துவிடும் என்றும், பணிவைக் குறைத்தால் உறுதி வந்துவிடும் என்றும் எண்ணிக்கொண்டு மடலைத் திருத்துவதுதான் இதற்குக் காரணம் என்பது எமது அபிப்பிராயம். மடலின் உறுதி அதிலுள்ள தேதிகளிலும் தொகைகளிலும் இருக்கிறது. அதன் மரியாதையோ, நிரூபிக்க இயலாத ஒன்றையும் எதிர்த் தரப்பின் மீது சுமத்தாமல் இருப்பதில் இருக்கிறது. இவ்விரண்டும் ஒன்றையொன்று குறைப்பவை அல்ல.

இதனை ஒரு நடந்த காரியத்தைக் கொண்டே விளக்குவோம். சங்கத்தின் பெயரும் நிறுவனத்தின் பெயரும் இங்கே வேண்டுவதில்லை.

கோவில்பட்டிக்கு அருகே உள்ள நெசவாளர் சங்கம் ஒன்று, 2025 தீபாவளியை முன்னிட்டு 30 கைத்தறிச் சேலைகளைக் கோயம்புத்தூரிலுள்ள ஒரு ஜவுளிக் கடைக்கு அனுப்பியது. சேலை ஒன்று ரூ. 1,350, ஆக மொத்தம் ரூ. 40,500. பார்சல் பதிவான நாள் அக்டோபர் 8, புதன்கிழமை. கூலி ரூ. 640. அக்டோபர் 11ஆம் தேதிக்குள் ஒப்படைப்பதாகப் பதிவுச் சீட்டிலேயே குறித்திருந்தார்கள். தீபாவளி 20ஆம் தேதி. பார்சல் கடைக்குப் போய்ச் சேர்ந்ததோ 23ஆம் தேதி, வியாழக்கிழமை. பண்டிகை முடிந்தபின் வந்த சேலைகளை இருபது சதவீதம் குறைத்தால்தான் எடுத்துக்கொள்வேன் என்றார் கடைக்காரர். சேலைக்கு ரூ. 270 வீதம் ரூ. 8,100 குறைந்தது. எஞ்சிய பணமும் தள்ளித்தான் வந்தது.

நம் கரிசல் பூமியில் இந்தத் தள்ளிவைப்பின் பொருளை வாசகர்களுக்கு விரித்துரைக்கத் தேவையில்லை. தறியில் அமர்பவர்களிற் பலர் மானாவாரி நிலமும் வைத்திருப்பவர்கள். புரட்டாசி, ஐப்பசியில் மழை விழுந்த ஈரம் காயுமுன் உளுந்தோ பாசியோ மக்காச்சோளமோ விதைத்தாக வேண்டும். தீபாவளிக் கூலியில் ஒரு பங்கு விதைக்கும் உரத்துக்கும் போகும். ஆகவே அந்தச் சங்கத்தில் எழுந்த கோபம் நியாயமான கோபமே. ஆனால் நியாயமான கோபம் எழுதிய மடல் எப்படி இருந்ததென்று பாருங்கள்.

"உங்கள் கம்பெனி மக்களை ஏமாற்றும் கம்பெனி. எங்கள் பார்சலை வேண்டுமென்றே பதினைந்து நாள் முடக்கி வைத்தீர்கள். எத்தனையோ முறை போன் செய்தும் ஒருவரும் எடுக்கவில்லை. லட்சக்கணக்கில் நட்டம். உடனடியாகத் தக்க நடவடிக்கை எடுக்காவிட்டால் கோர்ட்டுக்கும் பத்திரிகைக்கும் போவோம். இது கடைசி எச்சரிக்கை."

இது எழுத்தரின் மடல். தலைவர் இதைப் படித்துத் திகைத்து, தம் கைப்படத் திருத்தினார். அது வருமாறு: "தங்களின் மேலான கவனத்திற்குத் தாழ்மையுடன் கொண்டுவருவது யாதெனில், எமது பார்சலில் சற்றுத் தாமதம் ஏற்பட்டுள்ளதாகத் தெரிய வருகிறது. தயவுகூர்ந்து ஆவன செய்யுமாறு வேண்டுகிறோம்."

இரண்டு மடல்களையும் எம்மிடம் கொடுத்து, எதனை அனுப்புவது என்று கேட்டார்கள். இரண்டையும் மேசைமேல் வைத்துவிட்டுப் பதிவுச் சீட்டைக் கேட்டோம். புகார் மடலைத் திருத்துபவர் முதலில் கையில் எடுக்க வேண்டியது மடல் அன்று, சீட்டு. அதன் முன்புறத்தில் நமது உரிமையும், பின்புறத்தில் நமது உரிமையின் எல்லையும் அச்சாகி இருக்கின்றன. பின்புறத்தைப் படிக்காமல் கையெழுத்திடுவது நம்மவர் வழக்கம். எழுத்துப் பொடியாக இருப்பதும் ஒரு காரணம்தான். ஆனால் நீதிமன்றம் அந்தக் காரணத்தை ஏற்பதில்லை.

இதற்கு ஜவுளித் தொழிலிலிருந்தே ஒரு தீர்ப்பு உண்டு. பாரதி நிட்டிங் கம்பெனி என்னும் நிறுவனம் ஜெர்மனியிலுள்ள வியாபாரி ஒருவருக்குக் கோடைகால ஆயத்த ஆடைகளை அனுப்பியது. அதற்குரிய ஆவணங்களை 1990 மே மாதத்தில் டி.எச்.எல். கூரியர் மூலம் உறையிலிட்டு அனுப்பிற்று. உறை போய்ச் சேரவில்லை. மறுபடி நகல்கள் அனுப்பிச் சேர்வதற்குள் அங்கே கோடைப் பருவம் முடிந்துவிட்டது. வாங்கியவர் விலையைக் குறைத்துத்தான் கொடுத்தார். நமது தீபாவளிச் சேலைக் கதைக்கும் இதற்கும் உருவத்தில் வேற்றுமை இல்லை. மாநில நுகர்வோர் ஆணையம் நான்கு லட்சம் ரூபாய்க்கு மேல் இழப்பீடு விதித்தது. ஆனால் கூரியர் சீட்டில், தங்கள் பொறுப்பு 100 அமெரிக்க டாலருக்கு மேற்படாது என்று ஒரு நிபந்தனை அச்சிடப்பட்டிருந்தது. அனுப்பியவர் அதில் கையெழுத்திட்டிருந்தார். தேசிய ஆணையம் அந்த அளவோடு நிறுத்தியது. 1996இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் நிபந்தனை கட்டுப்படுத்தும் என்பதே அதன் சாரம்.

சாலை வழியே செல்லும் சரக்குகளுக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டமும் இதே போக்கில்தான் செல்கிறது. அனுப்புச் சீட்டில் இரு தரப்பும் ஒப்புக்கொண்டு குறித்த கால அளவு வரைக்கும், தாமதத்துக்குரிய பொறுப்பு பெற்றுக்கொண்ட கூலியின் அளவோடு நின்றுவிடுகிறது. அந்த எல்லையையும் கடந்து தாமதித்தால்தான் அதற்கு மேற்பட்ட இழப்பீட்டுக்கு வழி உண்டு. அந்த இழப்பீட்டுக்கும் சட்டம் ஒரு வரம்பு வைத்திருக்கிறது. சரக்கின் மதிப்பை முன்கூட்டி அறிவித்துக் கூடுதல் கட்டணம் கட்டியவருக்கே அந்த வரம்பு விரிகிறது.

இதனை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்லுகிறோம் என்றால், மடலில் என்ன கேட்பது என்பது இதைப் பொறுத்தே தீர வேண்டும். கூலி ரூ. 640ஐத் திரும்பக் கேட்பதில் நாம் உறுதியான தரையில் நிற்கிறோம். ரூ. 8,100 கேட்பதில் அவ்வளவு உறுதியில்லை. ஆனால் கேட்காமல் விடுவதற்கும் காரணமில்லை. ஆகவே முதலாவதைத் திருப்பித் தரவேண்டும் என்று எழுதலாம். இரண்டாவதை ஈடு செய்யுமாறு கேட்கிறோம் என்று எழுதலாம். இந்த ஒரு வினைச்சொல் வேற்றுமையில்தான் மடலின் உறுதியும் பணிவும் தத்தம் இடத்தில் அமைகின்றன. சந்தையில் மாடு பேரம் பேசுவதுபோல லட்சத்தில் தொடங்கினால்தான் ஆயிரத்தில் முடியும் என்று நண்பர் சிலர் வாதிப்பார்கள். மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரல் பிடிக்கிறார்கள். எழுத்தில் எதுவும் நிற்பதில்லை. இங்கே இணைப்பாகச் செல்லும் விலைப்பட்டியல் ரூ. 40,500 என்கிறது, மடலோ லட்சக்கணக்கில் நட்டம் என்கிறது. படிப்பவர் இரண்டையும் ஒரே திரையில் பார்க்கிறார். அதன்பின் மடலிலுள்ள மெய்யையும் அவர் நம்பமாட்டார்.

இனி எழுத்தரின் மடலுக்கு வருவோம். "ஏமாற்றும் கம்பெனி" என்பது ஒரு தீர்ப்பு. அதை வழங்கும் இடம் மடல் அன்று. "வேண்டுமென்றே" என்பது ஊகம். பார்சல் எங்கே நின்றது என்பதைத்தான் நாம் அறிவோம், ஏன் நின்றது என்பதை அறியோம். இவை இரண்டையும் அடித்தோம். "பதினைந்து நாள் முடக்கி வைத்தீர்கள்" என்பது கவனிக்கத்தக்க பிழை. 8ஆம் தேதியிலிருந்து 23ஆம் தேதி வரை பதினைந்து நாள் என்பது உண்மை. ஆனால் அவற்றில் முதல் மூன்று நாள் ஒப்புக்கொண்ட பயண நாட்கள். தாமதம் 11ஆம் தேதிக்குப் பிறகே தொடங்குகிறது. ஆகப் பன்னிரண்டு நாள். மூன்று நாளைக் கூட்டிச் சொன்னதில் நமக்கு ஆதாயம் ஒன்றுமில்லை. "உங்கள் கணக்குத் தவறு" என்று பதில் எழுத அவர்களுக்கு ஒரு வாய்ப்பைத்தான் நாமே கொடுக்கிறோம்.

"எத்தனையோ முறை போன் செய்தும் ஒருவரும் எடுக்கவில்லை" என்பதைப் பற்றி எழுத்தரிடம் கைபேசியைத் திறந்து பார்க்கச் சொன்னோம். அக்டோபர் 13, 15, 17, 18 ஆகிய நாட்களில் நான்கு அழைப்புகள். 13இலும் 17இலும் எடுக்கவில்லை. 15ஆம் தேதி ஒரு பெண்மணி பேசிப் புகார் எண் கொடுத்திருக்கிறார். 18ஆம் தேதி பேசியவர் மறுநாள் போய்ச் சேரும் என்றிருக்கிறார். இந்த உரையாடல்கள் அந்த நிறுவனத்தின் பதிவிலும் இருக்கும் அல்லவா? அவர்களே எடுத்துக் காட்டக்கூடிய ஒரு பொய்யை நாம் எழுதலாகாது. அதைவிட, 18ஆம் தேதி கொடுத்த வாக்கு தவறியது என்பது ஒருவரும் எடுக்கவில்லை என்பதைக் காட்டிலும் பன்மடங்கு வலிய குற்றச்சாட்டு. கோபத்தில் எழுத்தர் தம் கையிலிருந்த நல்ல ஆயுதத்தை விட்டுவிட்டு மழுங்கியதை எடுத்திருந்தார்.

"உடனடியாக" என்பதற்குத் தேதி இல்லை. "தக்க நடவடிக்கை" என்பதற்கு உருவம் இல்லை. "கடைசி எச்சரிக்கை" என்பதோ, இதுதான் முதல் மடலாகையால் நகைப்புக்கே இடம் தரும். எல்லாவற்றிற்கும் மேலாக, மடல் முழுவதும் தேடியும் பார்சல் எண்ணைக் காணோம். அங்கே மடலைத் திறப்பவர் ஒரு திரையின் முன் அமர்ந்திருக்கும் ஊழியர். அவர் முதலில் தேடுவது எண்ணைத்தான். எண் இல்லாத மடலுக்கு, எண்ணை அனுப்புக என்ற பதில் மட்டும் வரும். நமக்கு மூன்று நாள் போகும்.

தலைவரின் மடலில் இத்தகைய பிழைகள் இல்லை. ஆனால் பிழை செய்யும் அளவுக்குக்கூட அதில் ஒன்றும் இல்லை. "தாமதம் ஏற்பட்டுள்ளதாகத் தெரிய வருகிறது" என்ற வாக்கியத்தைப் பாருங்கள். தாமதம் மழைபோலத் தானே பெய்துவிட்டது போலும்! யார் செய்தது என்பதைச் சொல்லாத வாக்கியம் அது. "ஆவன செய்யுமாறு" என்பது நம் அலுவலகங்களில் பழகிப்போன தொடர். அதைப் படிப்பவர், என்ன செய்ய வேண்டும் என்று நமக்கே தெரியவில்லை எனக் கொண்டு கோப்பில் சேர்த்துவிடுவார். "11-10-2025க்குள் ஒப்படைப்பதாகக் குறித்திருந்தீர்கள், 23-10-2025 அன்று ஒப்படைத்தீர்கள்" என்று முன்னிலையில் எழுதுவதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை. செய்ததைச் செய்தவரிடம் சொல்லுகிறோம், அவ்வளவே. "நீங்கள்" என்றே எழுதலாம். "தாங்கள்" என்றால்தான் பணிவு என்பதில்லை. ஆனால் ஒரே மடலில் முதற்பத்தியில் "தாங்கள்" என்றும் கடைசியில் "உங்களை விடமாட்டோம்" என்றும் மாறுவது மட்டும் கூடாது.

இறுதியில் அனுப்பிய மடலைக் கீழே தருகிறோம். பொருள் வரியில் பார்சல் எண்ணும், 15ஆம் தேதி கிடைத்த புகார் எண்ணும், "12 நாள் தாமதம், கூலி திரும்பக் கோருதல்" என்ற சொற்களும் இருந்தன. எண்களை இங்கே விடுத்தோம்.

"வணக்கம். 8-10-2025 அன்று கோவில்பட்டியிலுள்ள உங்கள் கிளையில் மேற்கண்ட எண்ணில் 30 கைத்தறிச் சேலைகள் கொண்ட பார்சலைப் பதிவு செய்து, கூலி ரூ. 640 செலுத்தினோம். 11-10-2025க்குள் ஒப்படைப்பதாகப் பதிவுச் சீட்டில் குறித்திருந்தீர்கள். 23-10-2025 அன்றே கோயம்புத்தூரில் ஒப்படைத்தீர்கள். உங்கள் இணையதளக் குறிப்பின்படி, 9ஆம் தேதி முதல் 21ஆம் தேதி வரை பார்சல் மதுரை நிலையத்திலேயே இருந்திருக்கிறது. 15ஆம் தேதி தொலைபேசியில் புகார் பதிந்தோம். 18ஆம் தேதி பேசியபோது மறுநாள் சேரும் என்று தெரிவித்தீர்கள், சேரவில்லை.

20ஆம் தேதி தீபாவளி முடிந்துவிட்டமையால், கடைக்காரர் சேலை ஒன்றுக்கு ரூ. 270 குறைத்தே ஏற்றுக்கொண்டார். இதனால் எங்கள் நெசவாளர்களுக்கு ரூ. 8,100 குறைந்தது.

கூலி ரூ. 640ஐ 10-11-2025க்குள் சங்கத்தின் வங்கிக் கணக்கில் திருப்பிச் செலுத்த வேண்டும். பார்சல் பன்னிரண்டு நாள் மதுரையில் நின்றதன் காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ரூ. 8,100 இழப்பையும் ஈடு செய்யுமாறு கேட்கிறோம். அத்தேதிக்குள் பதில் வராவிடில், உங்கள் குறைதீர் அலுவலருக்கும், அதன்பின் தேசிய நுகர்வோர் உதவி மையத்துக்கும் இதனைக் கொண்டுசெல்வோம். பதிவுச் சீட்டு, விலைப்பட்டியல், இணையதளக் குறிப்பின் படம், கடைக்காரரின் கடிதம் ஆகிய நான்கும் இத்துடன் உள்ளன."

கோர்ட்டும் பத்திரிகையும் ஏன் போயின என்று எழுத்தர் கேட்டார். செய்யப்போகாத காரியத்தைச் சொல்லாதிருப்பதே முதல் காரணம். அன்றியும், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டம் கூட்டுறவுச் சங்கத்தையும் வழக்கிடத் தகுந்த நபராக ஏற்கிறது என்றாலும், வணிக நோக்கத்துக்காகப் பெற்ற சேவையை விலக்கிவிடுகிறது. விற்பனைக்குச் சேலை அனுப்பிய சங்கத்தின் மீது அந்த ஆட்சேபணை எழக்கூடும். சுயதொழிலால் பிழைக்கும் தனி நெசவாளர் அனுப்பிய பார்சலாயின் அவருக்கு அந்தச் சட்டத்திலேயே விலக்கு உண்டு. 1915 என்ற எண்ணில் உள்ள உதவி மையமோ வழக்குக்கு முந்திய சமரச வழி. அதை அடைவது எளிது. மிரட்டல் அல்லாமல் அடுத்த படியைச் சொல்லும் வாக்கியமே மடலின் கடைசியில் இருக்க வேண்டும்.

மடல் செல்லுமுன் ஒரு வேலை பாக்கியிருந்தது. எழுத்தர் சீட்டைப் பார்த்து எண்ணையும் தேதிகளையும் தொகைகளையும் உரக்கப் படிக்க, தலைவர் திரையிலுள்ள மடலில் விரல் வைத்துச் சரிபார்த்தார். எழுதியவரே சரிபார்த்தால், தாம் எழுத நினைத்ததையே கண் படித்துக்கொண்டு போகும். பார்சல் எண்ணில் அடுத்தடுத்த இரு இலக்கங்கள் இடம் மாறியிருந்தது இந்த முறையில்தான் பிடிபட்டது. இணைப்பு நான்கு என்று எழுதி மூன்றே இணைத்திருந்ததும் அப்போதுதான் தெரிந்தது. இணையதளக் குறிப்பைப் படமாக எடுத்து வைத்தல் மிகவும் அவசியம்; சில வாரங்கள் சென்றபின் அந்தப் பக்கம் திறக்காமற் போகலாம். பெறுநர் முகவரியை எல்லாவற்றிற்கும் கடைசியில்தான் நிரப்பச் சொன்னோம். பாதி மடல் கை தவறிப் போய்விட்டால், அடுத்து வரும் திருத்தம் எதிர்த் தரப்புக்கு வேடிக்கையாகிவிடும்.

மடல் அக்டோபர் 27ஆம் தேதி சென்றது. சாலைச் சரக்குச் சட்டப்படி, இழப்பு அல்லது சேதத்துக்காக வழக்கிட வேண்டுமானால், பார்சல் பதிவான நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்து மூலமான அறிவிப்புக் கொடுத்திருக்க வேண்டும். இங்கே அது 2026 ஏப்ரல் 6 வரை. அவ்வளவு காலம் காத்திராமல், பார்சல் வந்த நான்காம் நாளே எழுத்தில் போனது நலமே.

நவம்பர் 5ஆம் தேதி பதில் வந்தது. மதுரை நிலையத்தில் பண்டிகைக் குவியலில் பார்சல் தவறான வரிசையில் சேர்ந்துவிட்டது என்று காரணம் எழுதியிருந்தார்கள். ரூ. 640 கணக்கில் சேர்ந்தது. ரூ. 8,100ஐப் பற்றி, சீட்டின் பின்புற நிபந்தனையைக் காட்டி மறுத்துவிட்டு, அடுத்த இரு பார்சல்களைக் கூலியின்றி எடுத்துச் செல்வதாகத் தெரிவித்தார்கள். சங்கம் அதனை ஏற்றது. தொகை சிறியதுதான், எழுத்தருக்கு மனம் ஆறவில்லை. "லட்சம் கேட்டிருந்தால்?" என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். தலைவரோ, பொங்கலுக்குச் சேலை அனுப்பியபோது, கையெழுத்திடுமுன் சீட்டைத் திருப்பிப் படித்தார். சரக்கின் மதிப்பைச் சீட்டிலேயே எழுதச் சொல்லி, அதற்குரிய கூடுதல் கட்டணத்தையும் கட்டிவிட்டு வந்தார்.